மேற்கு வெயில் விழும் கூடத்தில் சோபா, திரைச்சீலை, மரத்தரை வெளுக்காமல் காப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோபா வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் ஒரு பக்கம் வெளுத்துவிட்டது. துணி மட்டமானதா, இல்லை வெயிலின் வேலையா?

இருக்கைத் திண்டைத் தூக்கி, அதன் உறையில் ஜிப்புக்கு உள்பக்கம் மடிந்திருக்கும் துணியை வெளிப்புறத் துணியோடு பகலில் ஒப்பிட்டுப் பாருங்கள். உள்மடிப்பு வாங்கிய நாளின் நிறத்தோடு இருந்து, வெளுப்பு சோபாவின் குறுக்கே ஒரு சாய்கோடாகவோ ஒரு பக்கமாகவோ தொடங்கினால், அது வெயில்தான். ஜன்னலின் விளிம்பு அப்படியே துணியில் பதிந்திருக்கும். உட்காரும் இடத்தின் நடுப்பகுதி மட்டும் மங்கி, தொட்டால் பிசுபிசுப்பாகவோ இழை தேய்ந்தோ இருந்தால் அது வியர்வையும் உராய்வும் செய்த வேலை. வெயில் படாத முதுகுப்பக்கம் உட்பட எல்லா இடமும் ஒரே சீராக மங்கியிருந்தால்தான் சாயத்தின் மீது சந்தேகப்பட வேண்டும்.

வெயில் செய்வது என்ன என்பது நம் வீட்டுப் பெண்களுக்குப் புதிதன்று. மஞ்சள் கறை பட்ட வேட்டியைத் துவைத்துவிட்டு வெயிலில் உலர்த்தினால் கறை போய்விடும் என்று அவர்களுக்குத் தெரியும். மஞ்சளின் நிறம் தரும் பொருளை ஒளி உடைத்துவிடுகிறது, உடைந்த பிறகு அதற்கு நிறமில்லை. சோபாத் துணியின் சாயத்திலும் அதுவே, மிக மெதுவாக, நடக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டால் இன்னொன்றும் புரியும்: வெளுப்பு என்பது அழுக்கு அன்று, ஆகவே எந்தச் சலவையாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டிருக்கிறோம். கண்ணாடியே புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும் என்கிறார்களே?

பாதி உண்மை. சாதாரண ஜன்னல் கண்ணாடி, தோலைச் சுட்டெரிக்கும் குறுகிய அலைநீளப் புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் நிறுத்திவிடுகிறது. ஆனால் அதைவிட நீண்ட அலைநீளம் கொண்ட புற ஊதாக் கதிரில் பெரும்பங்கை உள்ளே விடுகிறது, சாயத்தைச் சிதைப்பதில் முன்னிற்பது இந்தப் பங்குதான். அதற்கு மேல், கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே ஊதா, நீலப் பகுதியும் சாயத்தை உடைக்கும். சூடும் காற்றின் ஈரமும் அந்த வேலையை விரைவுபடுத்துகின்றன, காவிரிப் படுகையில் இரண்டுக்கும் குறைவில்லை. எனவே, புற ஊதாவை முழுமையாக நிறுத்தினாலும் வெளுப்பு மெதுவாகுமே தவிர நின்றுவிடாது. நேர் வெயிலே பொருளின் மேல் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை, மற்றவை எல்லாம் அதற்கு அடுத்தவை.

இந்தப் பக்கத்து வீடுகளில் இன்னொரு நடைமுறை உண்மையும் இருக்கிறது. நாலு மணிக்கு மேல் காற்று வரட்டும் என்று எல்லோரும் ஜன்னலைத் திறந்து வைக்கிறோம். திறந்த ஜன்னலில் எந்தக் கண்ணாடியும் எதையும் தடுப்பதில்லை.

கூடத்தில் வெயில் எங்கே, எவ்வளவு தூரம் வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட முடியுமா? சோபாவை எங்கே போடுவது என்று தெரியவில்லை.

முடியும், கடினமான கணக்கும் அன்று. இந்தப் பகுதியில் பரவலாகக் காணும் ஓர் அமைப்பை எடுத்துக்கொள்வோம். கூடம் வடக்குத் தெற்காக 12 அடி, கிழக்கு மேற்காக 16 அடி. மேற்குச் சுவரின் நடுவில் 5 அடி அகல ஜன்னல். அடிக்கட்டை தரையிலிருந்து 3 அடி, லிண்டல் 7 அடி, அதன் மேல் 2 அடி நீண்ட சன்ஷேடு. சித்திரை நடுவில், தஞ்சாவூர், கும்பகோணம் பகுதியில், வெயில் இப்படி நகரும்.

பிற்பகல் 3 மணிக்குச் சூரியன் ஏறக்குறைய 49 பாகை உயரத்தில் இருக்கும். அப்போது தரையில் ஜன்னல் சுவரிலிருந்து இரண்டரை அடி முதல் 4 அடி வரை ஒரு பட்டை வெயில் விழும். 4 மணிக்கு உயரம் 34 பாகையாகக் குறைய, பட்டை நாலரை அடியில் தொடங்கி 8 அடி வரை நீளும். 5 மணிக்கு உயரம் 20 பாகைதான். வெயில் 8 அடியில் தொடங்கி எதிர்ச்சுவர் வரை போய்விடும். ஐந்தரைக்கு எதிர்ச்சுவர் ஓரம் கிடக்கும் சோபாவின் முதுகின் மேலே ஏறி நிற்கும்.

இதைப் பார்த்தவுடன் எதிர்ச்சுவர்தான் ஆபத்தான இடம் என்று தோன்றும். அப்படி இல்லை. ஐந்தரை மணி வெயில் தடித்த காற்றடுக்கின் ஊடாகச் சாய்ந்து வருவதால் அதில் புற ஊதாவும் நீலமும் மிகவும் குறைந்திருக்கும், அதனால்தான் அது மஞ்சளாகத் தெரிகிறது. மூன்று மணிக்கும் நாலரை மணிக்கும் இடையில் விழும் வெள்ளை வெயில்தான் அதிகக் கேடு செய்கிறது. அதாவது, ஜன்னலிலிருந்து இரண்டரை அடி முதல் பதினொன்றரை அடி வரை உள்ள பரப்பில் விலை உயர்ந்த துணியோ கம்பளமோ இருக்கக் கூடாது. ஜன்னலுக்கு நேர் கீழே முதுகைச் சாய்த்துச் சோபா போட்டால் தப்பித்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். முதுகு தப்பும், ஆனால் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருக்கும் இருக்கையின் முன்பாதி 3 மணி வெயிலில் முழுக்க நனையும்.

வடக்குச் சுவரா, தெற்குச் சுவரா என்பதில்தான் உண்மையான வேறுபாடு இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் மாலைச் சூரியன் மேற்கிலிருந்து தெற்காக 30 பாகைக்கும் மேல் ஒதுங்கியிருப்பதால், வெயில் அறைக்குள் வடகிழக்காகப் பாய்ந்து வடக்குச் சுவரோரம் கிடப்பதை எல்லாம் பதம் பார்க்கும். ஆனி, ஆடியில் சூரியன் வடக்காக ஒதுங்குகிறது, ஆனால் 20 பாகை அளவில்தான், எனவே தெற்குப் பக்கமாகச் சாய்வது குறைவு. ஆகவே இந்த அமைப்பில் நான் சொல்லும் இடம், தெற்குச் சுவரோரம், ஜன்னல் சுவரை ஒட்டிய மூலை. ஆனியை ஒட்டிய மாதங்களில் இருக்கையின் முன்விளிம்பை வெயில் தொட்டுப் போகும், மற்ற மாதங்களில் அதுவும் இராது.

உங்கள் வீட்டு அளவு வேறாக இருந்தால், சோபா வாங்குவதற்கு முன் ஒரு விடுமுறை நாளில் மணிக்கு ஒரு முறை தரையில் வெயிலின் விளிம்பைச் சாக்பீஸால் கோடிட்டு வையுங்கள். சித்திரையில் ஒரு நாள், மார்கழியில் வானம் வெளுத்த ஒரு நாள் போதும். ஐயம் இருக்கும் இடத்தில், மஞ்சள் நீரில் நனைத்துக் காயவைத்த வெள்ளைத் துணித்துண்டு ஒன்றை, பாதியை அட்டையால் மூடி, ஊசியால் குத்தி வைத்தால், ஓரிரு நாளில் மூடாத பாதி வெளுத்திருக்கிறதா என்பதிலிருந்து அந்த இடத்தின் நிலை தெரிந்துவிடும்.

இரண்டடி சன்ஷேடு இருக்கிறது, அது போதாதா?

தெற்கு ஜன்னலுக்கு ஏறக்குறையப் போதும். மார்கழியில் நண்பகல் சூரியன் தெற்கே சுமார் 56 பாகை உயரத்தில் நிற்கும். இரண்டடி சன்ஷேடு ஜன்னலின் மேல் 3 அடியை நிழலாக்கிவிடும். மேற்கில் அது பெயருக்குத்தான். மேலே சொன்ன கணக்கில் 4 மணிக்குச் சன்ஷேடின் நிழல் ஜன்னலில் ஓரடிக்குச் சற்று மேல்தான் இறங்குகிறது, 5 மணிக்கு முக்கால் அடியோடு நின்றுவிடுகிறது. சன்ஷேடை இன்னும் ஓரடி நீட்டிக் கட்டலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், அந்தச் செலவில் தொங்கும் தட்டி கட்டிக்கொள்ளுங்கள் என்பதே.

வெளியே தட்டி கட்டினால் வீடு இருட்டாகிவிடாதா? காற்றும் நின்றுவிடுமே?

சுவரோடு ஒட்டி, ஜன்னலை முழுவதும் மூடிக் கட்டினால் இரண்டும் நடக்கும். சன்ஷேடின் வெளிவிளிம்பிலிருந்து தொங்கவிட்டால் நடக்காது, ஏனென்றால் அங்கிருந்து வெறும் 3 அடி தொங்கினாலே போதும். தட்டியின் அடிவிளிம்பு தரையிலிருந்து 4 அடி உயரத்தில் நிற்கும்; ஜன்னலின் அடிக்கட்டைக்கும் அதற்கும் இடையே 2 அடி தள்ளி ஓரடி வெளி இருக்கும். சித்திரை வெயில் நாலரை மணி வரை அந்த வெளியின் வழியாக உள்ளே நுழைய முடியாது. அதற்குப் பிறகு நுழைவது அந்தக் கேடு குறைந்த மஞ்சள் வெயில். காற்று கீழிருந்தும் இரு பக்கமிருந்தும் வரும், நாற்காலியில் உட்கார்ந்தால் தெருவும் தெரியும். தட்டி சூட்டைக் கண்ணாடிக்கு வெளியிலேயே பிடித்துக்கொள்வதால், உள்ளே திரை போடுவதைவிட அறையும் குளுமையாக இருக்கும். உள்திரை பிடிக்கும் சூடு கண்ணாடிக்கு இப்பால் வந்துவிட்ட சூடு.

அகலத்தில்தான் பெரும்பாலும் பிசகிவிடுகிறது. ஜன்னல் 5 அடி என்றால் தட்டியும் 5 அடி என்று அளவு கொடுத்துவிடுகிறார்கள், பிறகு தையில் தெற்குப் பக்க இடுக்கு வழியாகச் சாய்வெயில் உள்ளே வருகிறது. இருபுறமும் ஒன்றரை அடி கூடுதலாக வேண்டும், ஆக 8 அடி. சன்ஷேடு அந்த அளவுக்கு நீளாவிட்டால், அதன் விளிம்பில் ஓர் இரும்புக் குழாயைப் பிடிப்புகளோடு பொருத்தி, குழாயிலிருந்து தட்டியைத் தொங்கவிட வேண்டும்.

பொருள் எதுவாக இருந்தாலும் அதன் ஊடாக ஊசிமுனை அளவு ஒளி வந்தால் தவறில்லை. மூங்கில் தட்டி நல்லது, சுருட்டி ஏற்றும் வகை இன்னும் நல்லது. வெட்டிவேர்த் தட்டி மணமாக இருக்கும், ஆனால் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தால் அதன் ஈரம் ஜன்னலின் மரச்சட்டத்துக்கு ஆகாது. மிக மலிவானது, நாற்றங்கால் போடுவோருக்கு விற்கும் நிழல்வலை. அது 50, 75, 90 சதவீத நிழல் என்ற கணக்கில் உரக்கடையிலேயே கிடைக்கும். மேற்கு ஜன்னலுக்கு 75 பொருத்தமாக இருக்கும், 90 போட்டால் கூடத்தில் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருக்கும். பச்சை வலை போட்டால் அறைக்குள் ஒரு பச்சைச் சாயல் படரும், அது பிடிக்காதவர்கள் கறுப்பு வலை வாங்கலாம்.

எதைக் கட்டினாலும் கழற்றும்படி கட்டுங்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது எதெல்லாம் பறந்தது என்று இந்தப் பகுதியில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. புரட்டாசி முடிவில் தட்டியை இறக்கி, காயவைத்து, உள்ளே வைத்துவிட்டு, பொங்கலை ஒட்டி மீண்டும் மாட்டுவது முறை. மழைமாதங்களில் மேகம் ஓரளவு காவல் காக்கும், வெயில் அடிக்கும் நாட்களில் உள்திரை போதும்.

கண்ணாடியில் ஒட்டும் பிலிம் 99 சதவீதம் புற ஊதாவைத் தடுக்கும் என்கிறார்கள். அதையே ஒட்டிவிட்டால் தட்டி வேண்டாமல்லவா?

ஜன்னல் எப்போதும் மூடியிருக்கும் குளிர்சாதன அறைக்கு அது நல்ல வழி. அந்த 99 சதவீதம் என்பதும் தரமான பிலிமைப் பொறுத்தவரை உண்மைதான். ஆனால் முன்பு சொன்னபடி, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் சூடும் தம் பங்குக்கு வெளுக்கச் செய்கின்றன. தெளிந்த பிலிம் அவற்றைப் பெரிதாகக் குறைப்பதில்லை. ஆகவே விலைப்பட்டியலில் புற ஊதா சதவீதத்தை மட்டும் பார்க்காமல், ஒளி ஊடுருவல் எவ்வளவு என்றும் கேளுங்கள். 50 சதவீத அளவில் இருந்தால் அறை இருட்டாகாமல் ஓரளவு பயன் தரும். மாலையில் திறந்து வைக்கும் கூடத்து ஜன்னலில் பிலிமுக்குக் கொடுக்கும் பணம் பாதி வீண் என்பதே என் கருத்து.

ஒட்டுவதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை. அடர்ந்த நிறப் பிலிம் சூட்டைக் கண்ணாடிக்குள்ளேயே தேக்குகிறது. சன்ஷேடின் நிழல் விழும் மேல்பகுதி குளிர்ந்தும், வெயில் படும் கீழ்ப்பகுதி கொதித்தும் இருக்கும்போது, பதப்படுத்தாத சாதாரணக் கண்ணாடி விளிம்பிலிருந்து கீறல் விட்டு உடையலாம். அந்தக் கீறல் கண்ணாடியின் ஓரத்துக்குச் செங்குத்தாகத் தொடங்கி, பிறகு வளைந்து போகும். கல்லடி பட்டது போல ஒரு புள்ளியிலிருந்து சிதறாது. வேறுபாட்டைத் தெரிந்து வைத்திருந்தால் ஒட்டியவரிடம் பேச உதவும். கண்ணாடியின் தடிமன், வகை இரண்டையும் சொல்லி, அதற்கு ஏற்ற பிலிம்தானா என்று ஒட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். புள்ளி, பூ வேலைப்பாடு உள்ள கண்ணாடியின் சொரசொரப்பான பக்கத்தில் பிலிம் பிடிக்காது. ஒட்டிய முதல் மாதத்தில் உள்ளே தெரியும் சிறு நீர்க்குமிழிகளும் மங்கலும் தாமாகவே போகும். அதுவரை துடைக்காதீர்கள், பிறகும் அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம் வேண்டாம், சோப்பு நீர் போதும்.

புது வீடு கட்டுபவராக இருந்தால், இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டிய லேமினேட் கண்ணாடியை மேற்கு ஜன்னலுக்கு மட்டுமாவது கேளுங்கள். அந்த ஏடே புற ஊதாவை ஏறக்குறைய முழுதும் நிறுத்திவிடும், உரியவும் உரியாது.

சோபாவைக் காக்கத் திரை போட்டோம். இப்போது திரையே கோடுகோடாக வெளுத்து, துவைக்கும்போது கிழிகிறது. என்ன செய்வது?

கிழிவதுதான் பெரிய செய்தி. ஒளி சாயத்தோடு நிற்காமல் பருத்தி இழையையும் நலியச் செய்துவிட்டது. ஈரத்தின் எடை தாங்காமல் அது மடிப்பின் வழியே கிழிகிறது. கோடுகள் வருவது, திரையின் அலைமடிப்பில் ஜன்னலை நோக்கி முன்தள்ளிய மேடு மட்டும் வெயிலை வாங்கி, பள்ளம் நிழலில் இருப்பதால். அதிலும் பகலில் திரையை ஒதுக்கி வைக்கும்போது ஜன்னல் பக்கம் நிற்கும் விளிம்பே முதலில் போகும்.

இதற்கு வழி, வெயிலைத் தாங்கும் வேலையைத் தனி ஒரு துணியிடம் கொடுப்பது. கண்ணாடியை ஒட்டி ஒரு கம்பி, அதில் வெள்ளை அல்லது வெளிர் நிறத்தில் கெட்டி நெசவுப் பாலியெஸ்டர் அல்லது லாங்கிளாத் திரை. அரை அடி தள்ளி இரண்டாவது கம்பி, அதில் உங்களுக்குப் பிடித்த நிறத் திரை. முதல் திரையை வெயிலுக்குப் பலி கொடுத்துவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். அது நைந்தபின் மாற்றுவதற்குச் செலவு குறைவு. லைனிங்கை நல்ல திரையோடு சேர்த்துத் தைத்துவிட்டால், லைனிங் நைந்ததும் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியிருக்கும், அதனால்தான் தனிக் கம்பி. ஒளியை முழுவதும் தடுக்கும் ரப்பர் போன்ற பூச்சுள்ள துணி, நம் வெக்கையிலும் ஈரத்திலும் சில ஆண்டுகளில் பிசுபிசுத்து உதிரத் தொடங்கும். படுக்கையறைக்கு வேண்டுமானால் சரி, மேற்குக் கூடத்துக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

திரையை வாங்கும்போதே இரண்டு பலகமும் ஒன்றேபோல் தைக்கச் சொல்லி, ஒவ்வொரு துவைப்புக்குப் பிறகும் இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் மாற்றி மாட்டுங்கள். வெயில் தின்ற விளிம்பு சுவர் பக்கம் போய்விடும், மறு விளிம்பு முறை வாங்கும்.

கடையில் சோபாத் துணி எடுக்கும்போது, எது வெயிலைத் தாங்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒளியைத் தாங்கும் தன்மைக்கு ஒரு தரவரிசை உண்டு. நீல நிறம் தோய்த்த எட்டு வகைக் கம்பளித் துண்டுகளோடு சேர்த்துத் துணியை ஒளியில் காட்டி, எதன் அளவுக்கு வெளுக்கிறது என்று பார்த்து 1 முதல் 8 வரை எண் கொடுப்பார்கள். ஒரு படி ஏறினால், வெளுக்க எடுக்கும் காலம் இரண்டு மூன்று மடங்கு கூடும் என்று தோராயமாகக் கொள்ளலாம். மேற்கு வெயில் எட்டும் இடத்துக்கு 6க்குக் குறையாமல் கேளுங்கள். மாதிரிப் புத்தகத்தின் அட்டையிலோ கடைசிப் பக்கத்திலோ இந்த எண் அச்சிட்டிருக்கும். எண்ணே இல்லாத துணி என்றால், அதை வெயிலுக்கு வைப்பது உங்கள் பொறுப்பு.

இழையைப் பொறுத்தவரை, நூலாக இழுக்கும்போதே நிறத்தைக் கலந்துவிடும் அக்ரிலிக், பாலியெஸ்டர் வகைகள் நெடுநாள் தாங்கும். சாயம் மேலே ஏறியது அன்று, உள்ளேயே இருக்கிறது. சாதாரணப் பாலியெஸ்டர் அடுத்தது. பருத்தி சாயத்தைப் பொறுத்தது. விஸ்கோஸ் கலந்த மினுமினுப்பான வெல்வெட் ஏமாற்றும். நிறத்தில், அடர் சிவப்பும் கருநீலமும் சிறிது வெளுத்தாலே கண்ணில் படும். மணல் நிறம், சாம்பல், கலவை நூல் நெசவு ஆகியவற்றில் அதே அளவு வெளுப்பு தெரியாது.

எண் கிடைக்காதபோது நீங்களே சோதிக்கலாம். கடையில் ஒரு சாண் மாதிரித் துணி வாங்கி, பாதியின் மேல் சமையலறை அலுமினியத் தாளைச் சுற்றி, மேற்கு ஜன்னலின் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டிவிடுங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் ஆறு வாரம் விட்டு, தாளை எடுத்து, வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தாள் முடிந்த இடத்தில் கோடு தெளிவாகத் தெரிந்தால், அந்தத் துணி உங்கள் கூடத்துக்கு ஆகாது.

அம்மாவின் பழைய திருபுவனம் பட்டுப்புடவையில் திண்டு உறை தைத்து வைக்கலாமா?

வெயில் படாத அறையில் வைக்கலாம். ஒளிக்கு மிகவும் நோஞ்சானான இழைகளில் பட்டு ஒன்று. நிறம் போவதற்கு முன்பே இழை நொறுங்கி, ஜரிகை ஓரமாகப் பிளந்துவிடும். கூடத்தில் விருந்தினர் வரும்போது எடுத்து வைத்து, பிறகு உள்ளே வைத்துவிடுங்கள்.

சோபாவின் மேல் வெள்ளை உறை போட்டுவிட்டால் போதுமா?

உறைத் துணியை ஜன்னலுக்கு நேரே பிடித்து, அதன் பின்னால் உங்கள் விரல்களை அசைத்துப் பாருங்கள். விரல் நிழலாகத் தெரிந்தால் ஒளி உள்ளே போகிறது, சோபாவும் மெதுவாக வெளுக்கும். இரட்டையாக மடித்த கெட்டிப் பருத்தி விரிப்பைப் பிற்பகலில் மட்டும் போட்டு, மாலையில் எடுத்துவிடுவது மெல்லிய நிரந்தர உறையைவிட மேலானது. இருக்கைத் திண்டுகளை அடிக்கடி திருப்பிப் போடுவது நல்லதுதான். ஆனால் எல்லாத் திண்டுகளையும் ஒரே நாளில் திருப்ப வேண்டும், கைப்பிடியும் முதுகும் திரும்பா என்பதையும் மறக்கக் கூடாது. ரெக்சின் சோபாவாக இருந்தால் நிறத்தைவிட வெடிப்பே முன்னால் வரும், ஏனென்றால் வெயில் சூட்டில் அதன் மென்மைக்குக் காரணமான பொருள் வெளியேறி அது விறைத்துவிடுகிறது. அதற்கு உறை உதவாது, இடத்தை மாற்ற வேண்டும்.

மாடியறையில் மரத்தரை போட்டிருக்கிறோம். ஜன்னல் பக்கம் ஒரு நிறம், கட்டில் பக்கம் ஒரு நிறம். மேலே பூச்சு அடித்தால் நிற்குமா?

முதலில் என்ன தரை என்று பார்க்க வேண்டும். முழு மரப்பலகையிலும், ஒட்டுப்பலகையின் மேல் உண்மை மர ஏடு ஒட்டிய தரையிலும், ஒளி மரத்தின் பிசின் போன்ற பிணைப்புப் பொருளை உடைக்கிறது. மரத்துக்கு மரம் விளைவு வேறு. புதுத் தேக்கு முதலில் திட்டுத்திட்டாக, கறுத்த கோடுகளோடு இருக்கும்; ஒளி பட்டு ஒரு சில மாதங்களில் பொன்பழுப்பாகச் சீராகும். வால்நட் மரம் வெளிறும். செயற்கையாகக் கறுப்புச் சாயம் ஏற்றிய தரை எதுவானாலும் வெளிறும். லேமினேட் தரையில் நீங்கள் பார்ப்பது மரமே அன்று, அச்சிட்ட தாள். அதன் நிறம் போனால் போனதுதான்.

உண்மை மரத்துக்குப் புற ஊதாவைத் தாங்கும் பொருள் சேர்த்த பி.யூ. பூச்சு கிடைக்கிறது. அது மாற்றத்தை மெதுவாக்கும், நிறுத்தாது. எண்ணெய் அடிப்படையிலான பூச்சு தானே மஞ்சளிக்கும் இயல்புடையது. நிறம் மாறக் கூடாது என்றால் நீர் அடிப்படையிலானதைக் கேளுங்கள். ஏற்கெனவே இரு நிறமாகிவிட்ட தரையின் மேல் அப்படியே பூச்சடித்தால், அந்த இரு நிறமும் பூச்சுக்குள் அடைபட்டு இன்னும் தெளிவாகத் தெரியும். இழைத்துவிட்டுத்தான் பூச வேண்டும். ஒளி மாற்றும் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, எனவே முழு மரமும், 3 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் ஏடு உள்ள தரையும் இழைப்பைத் தாங்கும். அரை மில்லிமீட்டர் ஏட்டை இழைத்தால் கீழேயுள்ள ஒட்டுப்பலகை வெளியே வந்துவிடும். கதவுப் படிக்கருகே தரை முடியும் வெட்டுவாயில் ஏட்டின் தடிமனைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

வெயில் விழும் தரையில் நிறத்தோடு இன்னொரு தொல்லையும் உண்டு. வெயிலில் காய்ந்து சுருங்கி, ஐப்பசி ஈரத்தில் ஊதி, பலகைகள் நடுவில் மேலெழும்புகின்றன. சுவரோரம் விட வேண்டிய 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளியை ஆசாரி விடாமல் இறுக்கியிருப்பதே பெரும்பாலும் காரணம். சுவரோரத்து ஸ்கர்ட்டிங் பட்டையைக் கழற்றிப் பார்த்தால் பலகை சுவரை முட்டிக்கொண்டு நிற்பது தெரியும்.

வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்று நினைத்து அங்கே கம்பளம் விரித்தோம். அதுவும் வெளுத்திருக்கிறதே?

நம் பகுதி ஏறக்குறைய 11 பாகை வட அட்சத்தில் இருப்பதால், சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி இரண்டாம் வாரம் வரை சூரியன் தலைக்கு வடக்கே போகிறது. நண்பகல் வெயிலைச் சன்ஷேடு பிடித்துக்கொள்ளும், காலையிலும் மாலையிலும் வரும் சாய்வெயிலைப் பிடிக்காது. அந்த நாலு மாதத்துக்கு வடக்கு ஜன்னலுக்கும் உள்திரை வேண்டும். கிழக்கு ஜன்னலுக்குக் கணக்கு மேற்கைப் போலவே, நேரம்தான் காலை ஏழரை முதல் ஒன்பதரை.

கம்பளத்தை எடுத்தால் அதன் வடிவம் தரையில் அப்படியே இருக்கிறது. போகுமா?

தேக்குத் தரையில் பெரும்பாலும் போகும். கம்பளத்தின் கீழ் இருந்த இடம் ஒளியைக் காணாமல் பின்தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். திறந்து வைத்தால் சில மாதங்களில் சுற்றுப்புறத்தை எட்டிப் பிடித்துவிடும். சாயம் ஏற்றிய தரையிலும் லேமினேட்டிலும் நிலைமை நேர்மாறு: கம்பளத்தின் கீழே இருப்பதுதான் உண்மை நிறம், வெளியே வெளிறியது மீளாது. புதுத் தரை போட்டவர்கள் முதல் ஆறு மாதம் கம்பளமோ கோரைப்பாயோ ஒரே இடத்தில் கிடக்க விடாமல், மாதம் ஒரு முறை எடுத்து வேறு இடத்தில் விரித்தால், அடையாளம் விழாமலே மரம் நிறம் பிடித்துவிடும்.